பிரைம் கழித்தல் ஒன்று: அக்காவின் பாண்ட் வட்டியும் குறைதீர்ப்பாளரும்

"பேங்க் ரொம்ப வட்டி போடுது" என்று எழுதி அனுப்பினால், வங்கிகளின் மேல் வரும் புகார்களைக் கேட்கும் குறைதீர்ப்பாளர் அலுவலகம் உங்களுக்கு மரியாதையாக ஒரு பதில் போட்டுக் கோப்பை மூடிவிடும். யாருக்கு எவ்வளவு வட்டியில் கடன் கொடுப்பது என்பது வங்கியின் வியாபார முடிவு, அதில் அவர்கள் கை வைப்பதில்லை. "பேங்க் கையெழுத்துப் போட்ட விகிதம் ஒன்று, இப்போது போடும் விகிதம் வேறு" என்று எழுதினால் அது வேறு விஷயம், அதை எடுத்துக்கொள்வார்கள். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கடக்கத்தான் எங்களுக்கு நேரம் பிடித்தது. மற்றதெல்லாம் தபால் வேலை.

கதை என் அக்காவுடையது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வீடு, அக்கா பெயரிலும் அத்தான் பெயரிலும் பாண்ட், அதாவது வீட்டு அடமானக் கடன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பின்பக்க மண்தாங்கிச் சுவர் சரிந்துவிட்டது. டர்பன் பக்கம் மேட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்த ஏப்ரலைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. கொஞ்ச நாள் அப்படியே முட்டுக் கொடுத்து வைத்திருந்து, கடைசியில் 2023 ஜூனில் அதே பாண்டின் மேல் கூடுதல் கடன் வாங்கிச் சுவரைக் கட்டினார்கள். கூடுதல் கடன் சேர்ந்த பிறகு மொத்த நிலுவை 6,20,000 ராண்ட், மீதி 13 வருடம், மாதத் தவணை 7,770. அத்தான் தவணையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். சுவர் வேண்டும் என்றால் இதுதான் விலை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

அடுத்த வருடம் ஜூலையில், வரித்துறையான எஸ்.ஏ.ஆர்.எஸ்ஸில் வரித் தாக்கல் ஆரம்பித்ததும் அக்கா ஸ்டேட்மென்ட் கட்டோடு என்னிடம் வந்தாள். பின்னால் இருக்கும் சின்ன அவுட்பில்டிங்கை வாடகைக்கு விட்டிருக்கிறாள், அந்தப் பங்குக்கு உரிய பாண்ட் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். அதற்கு வருட வட்டி எவ்வளவு என்று நான் கூட்ட வேண்டும். கணக்குப் பிள்ளையாக வேலை பார்த்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, வட்டியைப் பார்த்தால் விகிதத்தைத் திருப்பிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது. இங்கே பாண்ட் வட்டியை அன்றாட நிலுவையின் மேல் கணக்கிட்டு மாதக் கடைசியில் கடனில் ஏற்றுவார்கள். அதனால் திருப்பிப் போடும் கணக்கு சுலபம்:

```
விகிதம் = வட்டி × 365 ÷ (நிலுவை × நாட்கள்)

6187.26 × 365 ÷ (620000 × 31) = 0.1175
```

அது 2023 ஜூலை மாத வட்டிப் பதிவு. அக்காவுக்கு டெபிட் ஆர்டர் மாதம் முதல் தேதியில் போகிறது, அதற்குப் பிறகு மாதம் முழுக்க நிலுவை ஒன்றேதான், அதனால் விடை இவ்வளவு சுத்தமாக வந்தது. உங்களுக்கு டெபிட் ஆர்டர் 15-ஆம் தேதி என்றால் முதல் 14 நாளுக்கு ஒரு நிலுவை, மீதி நாளுக்கு இன்னொரு நிலுவை என்று பிரித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் விடை கொஞ்சம் தள்ளி வரும், வங்கி தப்பு செய்துவிட்டது என்று வீணாகச் சண்டைக்குப் போவீர்கள்.

11.75 என்றால் அன்றைய பிரைம், வங்கிகள் கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் விகிதம். முழு பிரைம். ஆனால் பாண்ட் வாங்கிய நாளிலிருந்து அக்காவுக்கு பிரைம் கழித்தல் ஒன்று என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அத்தான் அதைப் பேரம் பேசி வாங்கிய கதையைத் தீபாவளிக்குத் தீபாவளி கேட்டிருக்கிறோம். அப்படியானால் 10.75 இருக்க வேண்டும், அந்த மாத வட்டி 5,660.68 ஆக இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் 526 ராண்ட் சொச்சம் அதிகம். அடுத்த மாதம் போட்டேன், அதற்கடுத்த மாதம் போட்டேன், எல்லாம் 11.75.

ஒரு வருடமாக ஏன் யாருக்கும் தெரியவில்லை? காரணம் இருக்கிறது. 2021 நவம்பரிலிருந்து 2023 மே வரை ரிசர்வ் வங்கி ரெப்போ என்ற தன் வட்டி விகிதத்தைத் தொடர்ந்து பத்து முறை ஏற்றியது, 3.5-இல் இருந்து 8.25 வரை. பிரைம் அதற்கு மேல் 3.5 சதவீதம் என்பதால் 7-இல் இருந்து 11.75-க்குப் போனது. அந்த ஒன்றரை வருடத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை "உங்கள் தவணை மாறுகிறது" என்று கடிதம் வந்துகொண்டே இருந்தது. அப்படியொரு ஏற்றத்தின் முடிவில், கூடுதல் கடனும் சேர்ந்து நிலுவையே மாறிய அதே மாதத்தில், ஒரு சதவீதச் சலுகை சத்தமில்லாமல் போயிருந்தால் எப்படித் தெரியும்? 10.75-க்குத் தவணை 7,393 வந்திருக்கும், வந்தது 7,770. வித்தியாசத்தைச் சுவரின் கணக்கில் எழுதிவிட்டோம். போதாததற்கு, வீட்டுக் கடனுக்கு ஸ்டேட்மென்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும் என்று சட்டமே சொல்கிறது.

கிளைக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் நல்லவள், ஆனால் அவள் திரையில் "வேரியபிள்" என்று மட்டும்தான் தெரிந்தது. புகார் எண் கொடுத்தாள். பிறகு வந்த பதில் கடிதத்தில், உங்கள் கடன் மாறும் வட்டிக் கடன், ரிசர்வ் வங்கி விகிதத்தை உயர்த்தியதால் உங்கள் வட்டியும் உயர்ந்தது என்று இருந்தது. இந்தப் பதிலை நன்றாகக் கவனியுங்கள், உங்களுக்கும் இதுதான் முதலில் வரும். எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நாங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பிரைம் ஏறியதைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை, பிரைமுக்கும் அக்காவின் விகிதத்துக்கும் நடுவில் இருந்த அந்த ஒன்று எங்கே போனது என்பதுதான் கேள்வி.

தப்பு எங்கள் பக்கமும் கொஞ்சம் என்று சொல்ல வேண்டுமா? அக்காவின் முதல் புகார் "வட்டி ரொம்ப ஏறிவிட்டது, சரிபாருங்கள்" என்று பொதுவாக இருந்தது, பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில் வருவது இயற்கை. அதற்குப் பிறகு உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினோம்.

அதற்கு மூன்று காகிதம் தேவைப்பட்டது. முதல் பாண்டின் ஒப்பந்தம், 2023-இல் கூடுதல் கடனுக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அதோடு வந்த விலைப்புள்ளியும், கூடுதல் கடன் சேர்ந்த நாள் முதல் இன்றுவரை கணக்கில் ஏறிய இறங்கிய ஒவ்வொரு தொகையும். இந்த மூன்றாவதைக் கேட்டால் வங்கி கட்டணமில்லாமல் தர வேண்டும். 2005-ஆம் வருடத்து 34-ஆம் எண் சட்டமான தேசியக் கடன் சட்டத்தின் 110-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. கேட்பது கடந்த ஒரு வருடத்துக்குள் அடங்கினால் பத்து வேலை நாள், அதைவிடப் பழையதும் சேர்ந்தால் இருபது வேலை நாள். கிளையில் ஒருவர் இதற்குக் கட்டணம் உண்டு என்றார். பிரிவு எண்ணை மின்னஞ்சலில் எழுதியதும் கட்டணம் மறைந்துவிட்டது.

கூடுதல் கடன் ஒப்பந்தம்தான் முக்கியம். பலருக்கு இங்கேதான் வழக்கு விழும். மறுபடி கடன் வாங்கும்போது புது ஒப்பந்தம் பழையதன் இடத்தில் வரலாம், அதில் "பிரைம்" என்று மட்டும் எழுதியிருந்து நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் பழைய சலுகை போனது போனதுதான், குறைதீர்ப்பாளரிடம் போய்ப் பயனில்லை. அக்காவின் காகிதத்தில் வட்டிக் கட்டத்துக்குள் மொத்தக் கடனுக்கும் பிரைம் கழித்தல் 1.00 சதவீதம் என்று அச்சாகி, கீழே இரண்டு பேரின் சுருக்கொப்பமும் இருந்தது. அத்தான் அந்தப் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "அப்புறம் என்ன, முடிஞ்சுதே" என்றார். முடியவில்லை.

சட்டத்தில் எங்களுக்குப் பிடி கிடைத்தது 103-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவில். கடனின் வட்டி இடையில் மாறலாம், ஆனால் ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட ஒரு அடிப்படை விகிதத்தோடு நிலையான உறவில்தான் மாறலாம் என்கிறது அது. நிலையான உறவு என்பதை நாங்கள் கடிதத்தில் அடிக்கோடிட்டோம். பிரைம் மேலே போகலாம், கீழே வரலாம், அதனோடு அக்காவின் விகிதமும் போய் வரலாம், நடுவில் உள்ள இடைவெளி மட்டும் கையெழுத்தில்லாமல் மாறக் கூடாது. கையெழுத்தில்லாமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதை 116-ஆம் பிரிவு சொல்கிறது. கடன் வாங்கியவரின் சுமையைக் குறைக்கும் மாற்றம் என்றால் பரவாயில்லை. மற்றபடி அவர் ஒப்பமிட்டிருக்க வேண்டும், அல்லது வாய்மொழியாகச் சம்மதித்திருந்தால் அந்தப் பேச்சு பதிவாகிப் பிறகு எழுத்திலும் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மாற்றம் செல்லாது.

அதனால் இரண்டாவது புகாரில் மூன்றே வாக்கியம். ஒப்பந்தத்தின் இன்ன பக்கத்தில் விகிதம் பிரைம் கழித்தல் ஒன்று. 2023 ஜூலை 1 முதல் வசூலித்தது பிரைம், இதோ மாத வாரியான கணக்கு. இந்த மாற்றத்துக்கு நாங்கள் ஒப்பமிட்ட காகிதத்தைக் காட்டுங்கள், அல்லது அன்றிலிருந்து சரியான விகிதத்தில் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். கூடவே, 111-ஆம் பிரிவின் கீழ் இந்த வட்டிப் பதிவுகளை மறுக்கிறோம் என்று ஒரு வரி. அப்படி எழுத்தில் மறுத்தால், பதிவு ஏன் சரி என்று வங்கி எழுத்தில் விளக்க வேண்டும், அல்லது தவறு என்று ஒப்புக்கொண்டு திருத்த வேண்டும்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு யோசனை சொன்னார், டெபிட் ஆர்டரை நிறுத்துங்கள், தானாக ஓடி வருவார்கள் என்று. அத்தானுக்கு அது பிடித்துப்போனது. நான் கெஞ்சாத குறையாகத் தடுத்தேன். மறுக்கும் பதிவை அடிப்படையாக வைத்து வங்கி வழக்குத் தொடர முடியாது என்று 111 சொல்வது உண்மைதான், ஆனால் மறுப்பது மாதம் ஐந்நூறு ராண்ட், நிறுத்துவது 7,770. மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சம் சாதாரண நிலுவைதான், கிரெடிட் பீரோவில் ஏறும், பின்னாலேயே வழக்குக்கு முந்தைய எச்சரிக்கையான 129-ஆம் பிரிவுக் கடிதம் வரும், வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் குறைதீர்ப்பாளர் விலகிக்கொள்வார். ஆகவே முழுத் தவணையும் கட்டு, கட்டும்போதே "மறுப்போடு கட்டுகிறோம், உரிமையை விடவில்லை" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பு. அத்தான் முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார்.

வங்கியின் இரண்டாவது பதில் புத்திசாலித்தனமானது. சலுகை விகிதம் சம்பளக் கணக்கு எங்களிடம் இருக்கும் வரைதான், அது நின்றதால் சலுகையும் நின்றது என்றார்கள். இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் இப்படிப்பட்ட நிபந்தனைகள் நிஜமாகவே உண்டு, அத்தான் 2023-இல்தான் ஓய்வு பெற்றார். ஒப்பந்தத்தை வரிவரியாகப் பார்த்தோம். நிபந்தனை இருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்தது கடன்தாரர் இந்த வங்கியில் நடப்புக் கணக்கு வைத்திருந்து தவணையை அதிலிருந்து செலுத்த வேண்டும் என்பது. சம்பளம் என்ற பேச்சே அதில் இல்லை. கணக்கு அப்படியே இருக்கிறது, டெபிட் ஆர்டரும் அதிலிருந்துதான் போகிறது. நல்லெண்ணத் தொகையாக 3,000 ராண்ட் தருகிறோம், புகாரை முடித்துக்கொள்ளலாம் என்றும் அதே கடிதத்தின் கடைசியில் இருந்தது. முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறோம் என்று ஒப்பமிட ஒரு படிவமும்.

அந்தப் படிவத்தில் ஒப்பமிட்டிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். அக்கா பேனாவை எடுத்துவிட்டாள். "தம்பி, மூவாயிரமாவது வருதே" என்றாள். நான் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வங்கி ஒப்புக்கொண்ட பிறகும் குறைத்துக் கொடுப்பது இங்கேதான். 2023 ஜூலை முதல் 2024 ஆகஸ்ட் வரை 14 மாதம். ஒவ்வொரு மாதமும் அதிகம் எடுத்த வட்டியை மட்டும் எடுத்துக் கூட்டினால் சுமார் 7,140 ராண்ட் வருகிறது. ஆனால் கடன்பட்ட கணக்கு அப்படி நகர்வதில்லை. முதல் மாதம் அதிகமாக எடுத்த 526 ராண்ட் கடனிலேயே ஏறி உட்கார்ந்தது, இரண்டாம் மாதம் அதற்கும் வட்டி போட்டார்கள், மூன்றாம் மாதம் இரண்டுக்கும் சேர்த்து. எனவே சரியான முறை, 2023 ஜூலை 1-இன் நிலுவையிலிருந்து தொடங்கி, அக்கா உண்மையில் கட்டிய அதே 7,770-ஐ அதே தேதிகளில் வைத்து, விகிதத்தை மட்டும் 10.75 ஆக்கிக் கணக்கை முழுதாக மறுபடி ஓட்டுவது. ஒரு எக்செல் தாளில் மாதத்துக்கு ஒரு வரி போதும். அப்படி ஓட்டினால் ஆகஸ்ட் கடைசியில் நிலுவை சுமார் 5,95,290. வங்கியின் தாளில் சுமார் 6,02,860. வித்தியாசம் 7,570. கூட்டிப் பார்த்ததற்கும் ஓட்டிப் பார்த்ததற்கும் நானூறு ராண்டுக்கு மேல் தூரம், அதுவும் 14 மாதத்தில். தப்பு ஐந்தாறு வருடம் ஓடியிருந்தால் இந்த வட்டிக்கு வட்டியே பெரிய தொகையாக இருக்கும்.

மூவாயிரம் எங்கே, ஏழாயிரத்து ஐந்நூறு எங்கே. அதோடு, ஒப்பமிட்டால் வரப்போகும் மாதங்களுக்கும் விகிதம் முழு பிரைமாகவே நிற்கும். அக்கா பேனாவை வைத்தாள்.

இனி குறைதீர்ப்பாளர். கிளைச் சுவரில் இன்னும் பழைய போஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது, வங்கிச் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளர் என்று. அந்த அலுவலகம் தனியாக இப்போது இல்லை. 2024 மார்ச் 1 முதல் அதுவும், கடன் குறைதீர்ப்பாளரும், ஆயுள் காப்பீடு, பொதுக் காப்பீடு இரண்டுக்குமான குறைதீர்ப்பாளர்களும் ஒன்றாகச் சேர்ந்து தேசிய நிதிக் குறைதீர்ப்புத் திட்டம் என்று ஆகிவிட்டன. ஆங்கிலச் சுருக்கத்தில் என்.எஃப்.ஓ. வலைத்தளம் nfosa.co.za. சேவைக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. எவனாவது "நான் உங்களுக்காகக் குறைதீர்ப்பாளரிடம் புகார் போடுகிறேன், கிடைத்ததில் இருபது சதவீதம்" என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதலில் வங்கியிடம் புகார் செய்து அவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். எங்களிடம் புகார் எண்ணும் இரண்டு பதில் கடிதங்களும் இருந்தன. பாண்ட் இரண்டு பேர் பெயரில் என்பதால் இரண்டு பேரும் புகார்தாரர்கள். எழுதிக்கொடுப்பது நான் என்பதால் என்னோடு பேசலாம் என்று இருவரும் ஒப்பமிட்ட அனுமதிக் கடிதம் ஒன்றும் வைத்தோம், இல்லாவிட்டால் அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், பேசவும் கூடாது.

காலக்கெடுவையும் சொல்லிவிடுகிறேன். 1969-ஆம் வருடத்துக் காலாவதிச் சட்டப்படி இப்படிப்பட்ட கோரிக்கைக்குச் சாதாரணமாக மூன்று வருடம், உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து. அந்த இரண்டாவது பாதிதான் சிக்கல். ஸ்டேட்மென்ட் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று வங்கி வாதிடலாம். வங்கி உங்களிடம் கேட்பதற்கோ, அடமானத்தால் பாதுகாக்கப்பட்ட கடனாக இருந்தால் முப்பது வருடம். நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள். எங்களுக்கு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, அதனால் அந்தச் சண்டை வரவில்லை.

படிவத்தில் "என்ன நடந்தது" என்ற கட்டத்தில் அக்கா சுவர் இடிந்ததிலிருந்து எழுத ஆரம்பித்தாள். அழகாகத்தான் எழுதினாள். அதை எடுத்துவிட்டு அந்த மூன்று வாக்கியத்தைப் போட்டோம். இணைப்பாக ஒப்பந்தத்தின் வட்டிப் பக்கம், நிபந்தனைப் பக்கம், மாதவாரிக் கணக்கு, வங்கியின் இரண்டு கடிதங்கள். "என்ன வேண்டும்" என்ற கட்டத்தில், கணக்கை 2023 ஜூலை 1 முதல் மறுபடி ஓட்டவும், இனி பிரைம் கழித்தல் ஒன்று என்று அமைக்கவும். அத்தானின் வற்புறுத்தலால் அலைச்சலுக்கு 20,000 ராண்ட் என்றும் ஒரு வரி சேர்ந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் வீட்டில் அமைதி வேண்டுமே.

புகார் போன பிறகு நடந்ததை நான் சுவாரசியமாக்கிச் சொல்ல முடியாது. அவர்கள் அதை வங்கியின் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள், வங்கி பதில் எழுதியது, அந்தப் பதில் எங்கள் கருத்துக்கு வந்தது, நாங்கள் எழுதினோம், மாதங்கள் போயின. வங்கி இந்த முறை சம்பளக் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. கூடுதல் கடன் பேசும்போது விகிதம் பிரைமாக மாறும் என்று தொலைபேசியில் சொல்லப்பட்டது, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார் என்றது. கோப்பைப் பார்த்த அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று. அந்த உரையாடலின் பதிவையும், அதற்குப் பின் எழுத்தில் வந்த காகிதத்தையும் அனுப்புங்கள்.

பதிவு வரவில்லை. காகிதமும் வரவில்லை. வந்தது வேறு ஒரு கடிதம், கூடுதல் கடனைப் பழைய கணக்கோடு சேர்த்துப் புதுக் கணக்காகத் திறந்தபோது சலுகைக் குறியீடு பதிவாகவில்லை என்று. இவ்வளவுதான் விஷயம். யாரோ ஒரு கட்டத்தை நிரப்பவில்லை. கிளைக்காரர்கள் அதைக் கண்டுபிடிக்க முடியாததும் ஆச்சரியமில்லை, அவர்கள் திரையில் தெரிவது கணினி போடும் விகிதம்தான், கையெழுத்தான ஒப்பந்தம் வேறு எங்கோ ஸ்கேன் ஆகிக் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாராவது ஒருவரை வெளியிலிருந்து கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. குறைதீர்ப்பாளர் அலுவலகம் எங்களுக்குச் செய்த பெரிய உதவி அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கட்டத்தில் தீர்மானம் என்று ஒன்று தேவைப்படவில்லை, சமரசத்திலேயே முடிந்தது, பெரும்பாலும் அப்படித்தான். முடியாமல் போயிருந்தால் அவர்கள் முடிவு சொல்வார்கள், அது வங்கியைக் கட்டுப்படுத்தும், நமக்குப் பிடிக்காவிட்டால் நாம் நீதிமன்றம் போகலாம். வங்கி முதலில் கூட்டல் கணக்கைத்தான் கொண்டுவந்தது, அதிகம் எடுத்த வட்டியின் கூட்டுத்தொகை. எக்செல் தாளை மறுபடி அனுப்பினோம், அதிகாரி அதைப் பார்த்து, ஆரம்பத்திலிருந்தே சரியான விகிதம் போட்டிருந்தால் நிலுவை என்னவாக இருந்திருக்குமோ அதுவே வேண்டும் என்று வங்கிக்கு எழுதினார். 2025 பிப்ரவரி கடைசியில் கணக்கில் வரவு வந்தது. அதற்குள் இன்னும் ஆறு மாதம் ஓடியிருந்ததால் தொகை பதினோராயிரம் ராண்டை ஒட்டி வந்தது.

அத்தானின் 20,000 கிடைக்கவில்லை. அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் பெரிய தொகை எதிர்பார்ப்பதற்கு அது இடமில்லை. மன்னிப்புக் கடிதம் ஒன்று வந்தது, அதை அவர் ஃபைலில் வைத்திருக்கிறார்.

வரவு வந்தது என்று கேட்டதும் விட்டுவிடாமல் இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, கடந்த வரித் தாக்கலில் வாடகைக்கு எதிராகக் கழித்த வட்டி இப்போது குறைந்துவிட்டது, அக்காவின் அந்தப் பங்கை எஸ்.ஏ.ஆர்.எஸ்ஸிடம் திருத்த வேண்டும். சின்னத் தொகைதான், ஆனாலும். இரண்டாவது, மார்ச் ஸ்டேட்மென்ட். 2024 செப்டம்பரிலும் நவம்பரிலும் 2025 ஜனவரியிலும் ரெப்போ கால் கால் சதவீதமாகக் குறைந்து பிரைம் 11-க்கு வந்திருந்தது. மார்ச் வட்டியை அதே கணக்கில் திருப்பிப் போட்டேன், 10.00 வந்தது. ஏப்ரலிலும் அதுவே.

அக்காவுக்கு ஒரு வருத்தம் மட்டும் தீரவில்லை. பதினோராயிரம் கைக்கு வரும் என்று நினைத்திருந்தாள், அது கடன் நிலுவையில் கழிந்துபோனது. வட்டி ஏறியது கடனில், அதனால் திரும்புவதும் கடனில்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும், "அப்ப நான் ஜெயிச்சது கண்ணுக்கே தெரியலையே" என்கிறாள். புதுத் தவணை குறைத்து வந்தபோதும் அத்தான் பழைய 7,770-ஐயே கட்டுகிறார், மிச்சம் அசலில் போகட்டும் என்று. அதற்கும் அக்காவுக்குக் கோபம்.